தவறாமல் கட்டியும் கரையாத கார்டு பாக்கி

கேள்வி: மேடம், ஒரு வருஷத்துக்கு முன்னால் என் கிரெடிட் கார்டு பில் ஒரு லட்சத்தைத் தொட்டது. அன்றோடு கார்டைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். அதிலிருந்து மாதாமாதம் பில் வந்த அன்றே அதில் போட்டிருக்கும் மினிமம் தொகையைக் கட்டிவிடுகிறேன். ஒரு முறைகூடத் தவறியதில்லை. பன்னிரண்டு மாதத்தில் 53 ஆயிரத்துக்கு மேல் கட்டியாகிவிட்டது. இந்த மாத பில்லைப் பார்த்தால் இன்னும் 77 ஆயிரம் பாக்கி என்கிறது. வட்டி மாதத்துக்கு 3 சதவீதம்தானே? கணக்கில் எங்கேயோ தப்பு இருக்கிறதா? இப்படியே கட்டிக்கொண்டு போனால் எப்போது முடியும்? அவசரத்துக்கென்று சேமிப்பில் 40 ஆயிரம் தொடாமல் வைத்திருக்கிறேன். அதை எடுக்கலாமா?

பதில்: கணக்கில் தப்பு இல்லை. மாத வட்டி 3 சதவீதம், மினிமம் தொகை பில்லில் 5 சதவீதம், தாமதக் கட்டணமோ வரியோ எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு நானும் பன்னிரண்டு மாதத்துக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டியது 53,390, மீதி 77,042 என்று வருகிறது. வங்கி உங்களை ஏமாற்றவில்லை. பில்லில் அச்சிட்டபடியேதான் எல்லாம் நடந்திருக்கிறது. வருத்தமே அதுதான்.

முதல் மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். பில் 1,00,000. நீங்கள் 5,000 கட்டினீர்கள், 95,000 நின்றது. அதற்கு 3 சதவீதம் வட்டி 2,850. அடுத்த பில் 97,850. உங்கள் கையிலிருந்து போனது ஐயாயிரம், கடன் குறைந்ததோ 2,150. மற்றதெல்லாம் வட்டிக்குப் போய்விட்டது. நூறு கட்டினால் 57 வட்டிக்கு, 43 அசலுக்கு.

பன்னிரண்டாவது மாதத்துக்கு வாருங்கள். பில் 78,735, மினிமம் 3,937. கட்டியபின் நின்ற 74,798க்கு வட்டி 2,244. ஆக, அந்த மாதம் கடன் குறைந்தது 1,693 மட்டுமே. விகிதம் மாறவேயில்லை, அதே 57க்கு 43தான். ஆனால் கடன் குறையும் வேகம் முதல் மாதத்தைவிட மந்தமாகிவிட்டது. வழக்கமான தவணைக் கடனில் நடப்பதற்கு இது நேர்மாறு. அங்கே மாதாமாதம் ஒரே தொகை கட்டுவீர்கள். அசல் குறையக் குறைய வட்டிக்குப் போகும் பங்கு சுருங்கி, அசலுக்குப் போகும் பங்கு பெருகும். கடைசி வருஷத்தில் கடன் மளமளவென்று கரையும். மினிமம் தொகையில் அந்தக் கடைசி வருஷம் வருவதே இல்லை, ஏனென்றால் கடன் குறையும்போதெல்லாம் நீங்கள் கட்டும் தொகையையும் வங்கி குறைத்துக் கேட்கிறது.

பொறி இருப்பது இங்கேதான். எல்லோரும் வட்டி விகிதத்தைத்தான் திட்டுகிறார்கள். விகிதம் கொடியதுதான்; மாதம் 3 சதவீதம் என்பது வட்டிக்கு வட்டி சேர்ந்தால் வருஷத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். ஆனாலும் அதே விகிதத்தில், அதே ஒரு லட்சத்துக்கு, முதல் மாதம் கட்டிய அந்த 5,000ஐயே மாறாமல் ஒவ்வொரு மாதமும் கட்டியிருந்தால் கதை வேறு. 29 மாதம் ஐயாயிரம், முப்பதாவது மாதம் 2,780. அத்தோடு கடன் தீர்ந்திருக்கும். மொத்தம் கட்டுவது 1,47,780. மினிமம் தொகையையே தொடர்ந்தால்? பாக்கி பாதியாகவே 32 மாதம் ஆகும். 10,000க்கு இறங்க ஒன்பது வருஷத்துக்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோதான் குறையும். அதற்குள் 2,09,000க்கு மேல் கட்டியிருப்பீர்கள், அந்தப் பத்தாயிரமும் இன்னும் நிற்கும். சதவீதத்தில் கட்டும்வரை அது கணக்குப்படி பூஜ்யத்தைத் தொடாது. பில்லில் “5 சதவீதம் அல்லது இவ்வளவு, இரண்டில் எது அதிகமோ அது” என்று சிறு எழுத்தில் ஒரு கீழ்வரம்பு இருந்தால், அது வந்துதான் கடைசியில் முடித்துவைக்கும்.

ஆகவே உங்கள் கடைசிக் கேள்விக்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இனி பில்லில் வரும் மினிமம் தொகையைப் பார்த்துக் கட்டாதீர்கள். ஒரு வருஷத்துக்கு முன் உங்களால் மாதம் 5,000 கட்ட முடிந்தது. இன்று 3,852 கேட்கிறார்கள். இடையில் உள்ள ஆயிரத்துச் சொச்சத்தை உங்களுக்குத் தந்த சலுகை என்று நினைத்து வீட்டுச் செலவில் கரைத்திருப்பீர்கள். யாரும் அதைத்தான் செய்வார்கள். 5,000 என்று மனதில் ஒரு தொகையைக் குறித்துக்கொண்டு, பில்லில் என்ன போட்டிருந்தாலும் அதையே கட்டுங்கள். இன்றைய 77,042ஐ இப்படித் தொடங்கினால் இருபது மாதம் ஐயாயிரம், இருபத்தோராவது மாதம் எண்ணூறுக்கும் குறைவு. மொத்தம் 1,00,764.

மினிமம் தொகையைக் கட்டுவதற்கு முட்டாள்தனம் காரணமில்லை. பில்லில் பெரிய எழுத்தில் ஒரு எண் கண்ணில் பட்டால் மனம் அதைச் சுற்றியே பேரம் பேசும். வாரிக் பல்கலைக்கழக உளவியலாளர் நீல் ஸ்டூவர்ட் 2009ல் வெளியிட்ட ஆய்வில், கற்பனையான ஒரு கார்டு பில்லை ஆட்களிடம் கொடுத்து எவ்வளவு கட்டுவீர்கள் என்று கேட்டார். மினிமம் தொகை அச்சிடப்பட்ட பில்லைப் பார்த்தவர்கள், அந்த வரி இல்லாத பில்லைப் பார்த்தவர்களைவிடக் குறைவாகவே கட்ட முன்வந்தார்கள். மினிமத்தைவிட அதிகமாகக் கட்ட வசதியுள்ளவரையும் அந்த எண் கீழே இழுத்துவிடுகிறது. என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது வங்கிக் கணக்கில் ஆட்டோ டெபிட் எப்படி வைத்திருக்கிறீர்கள் என்பதைத்தான். அதில் பொதுவாக இரண்டு தேர்வுகள் இருக்கும்: முழுத் தொகை, மினிமம் தொகை. கார்டு வாங்கிய நாளில் யோசிக்காமல் இரண்டாவதைத் தொட்டுவிட்டு, அதன்பின் பில்லையே திறந்து பார்க்காமல் வருஷக்கணக்காக இருப்பவர்கள் உண்டு. உங்களுக்கும் அப்படி ஏதாவது இருந்தால் அதை ரத்து செய்ய வேண்டாம். ஒரு மாதம் மறந்துபோனாலும் தாமதக் கட்டணத்திலிருந்து அது காப்பாற்றும். அதற்கு மேல் மீதியைச் சேர்த்து ஐயாயிரமாக நீங்களே கட்டுங்கள்.

மினிமம் தொகைக்கும் ஒரு நியாயமான வேலை இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் தவறாகும். அதைக் கட்டினால் கணக்கு ஒழுங்காக இருப்பதாகப் பதிவாகும். தாமதக் கட்டணம் விழாது, தாமதத்தால் கிரெடிட் ஸ்கோர் அடிபடாது. சம்பளம் வராத ஒரு மாதம், மருத்துவமனைச் செலவு வந்த ஒரு மாதம் என்றால் தயங்காமல் மினிமம் கட்டித் தப்பித்துக்கொள்ளலாம். தாமதத்தைத் தவிர்க்க அது உதவும், கடனை அடைக்க உதவாது. இந்த இரண்டையும் பில் ஒரே வரியில் கலந்து காட்டிவிடுகிறது.

சில நாடுகளில் அரசும் ஒழுங்குமுறை அமைப்புகளும் இதைக் கண்டுகொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் 2009ல் வந்த கார்டு சட்டத்துக்குப் பிறகு, மினிமம் மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை வருஷமாகும், மூன்று வருஷத்தில் தீர்க்க மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை பில்லிலேயே அச்சிட வேண்டும். பிரிட்டனில் 2018ல் வந்த விதி, 18 மாதத்தில் ஒருவர் அசலுக்குக் கட்டியதைவிட வட்டிக்கும் கட்டணங்களுக்கும் அதிகம் கட்டியிருந்தால் அவரை நீடித்த கடனில் சிக்கியவராகக் கருதி, நிறுவனமே அவரைத் தொடர்புகொண்டு அதிகம் கட்டச் சொல்ல வேண்டும் என்கிறது. உங்கள் 57க்கு 43ஐ அந்த அளவுகோலில் வைத்தால் முடிவைச் சொல்லத் தேவையில்லை. இந்திய ரிசர்வ் வங்கி 2022ல் கொண்டுவந்த விதிகள், மினிமம் தொகையைக் கட்டியபின்னும் கடன் வளர்ந்துகொண்டே போகும்படி அந்தத் தொகையை நிர்ணயிக்கக் கூடாது என்கின்றன. மாத வட்டி 3 சதவீதமாக இருக்கும்போது மினிமம் 2 சதவீதம் என்று வைத்தால் அதுதான் நடக்கும்: ஒழுங்காகக் கட்டக் கட்டக் கடன் ஏறும். உங்கள் கார்டில் அது நடக்கவில்லை. உங்கள் கடன் இறங்குகிறது, ஆனால் மிக மெதுவாக.

பில்லில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பகுதி இருக்கிறது. நீங்கள் கார்டைத் தேய்ப்பதை நிறுத்தியது உங்களை எதிலிருந்து காப்பாற்றியது என்பது அதைத் தெரிந்துகொண்டால்தான் புரியும்.

கார்டில் பொருள் வாங்கினால் நாற்பது, ஐம்பது நாள் வட்டி இல்லை என்பார்கள். அந்தச் சலுகைக் காலம் எல்லோருக்கும் எப்போதும் உள்ளதல்ல. போன பில்லை முழுவதும் கட்டியவருக்கு மட்டுமே அது உண்டு. ஒரு பில்லில் கொஞ்சம் பாக்கி வைத்தாலும் பெரும்பாலான கார்டுகளில் சலுகை பறிபோகிறது, அதுவும் பின்தேதியிட்டு. மே மாதம் வரை ஒரு பாக்கியும் வைக்காத ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 3 அன்று அவர் 40,000க்கு ஒரு பொருள் வாங்குகிறார். ஏப்ரல் 20ல் பில் வருகிறது. கட்டக் கடைசித் தேதி மே 10. அன்று அவர் 38,000 கட்டுகிறார், 2,000 குறைகிறது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், இரண்டாயிரத்துக்கு மாத வட்டி அறுபதுதானே என்று நினைக்கிறார்.

மே 20ல் வரும் பில்லில் வட்டி 1,480 என்று இருக்கிறது. எப்படி? வருஷத்துக்கு 36 சதவீதம் என்றால் 40,000க்கு ஒரு நாளுக்கு 39 ரூபாய்க்குச் சற்று அதிகம். பொருள் வாங்கிய ஏப்ரல் 3 முதல் பணம் கட்டிய மே 10 வரை 37 நாள். அந்த 37 நாளுக்கும் முழு 40,000க்கு வட்டி போடப்படுகிறது: 1,460. மே 10க்குப் பிறகு மே 20 வரையிலான பத்து நாளுக்குத்தான் வெறும் 2,000க்கு வட்டி: 20. கட்டாமல் விட்டது இரண்டாயிரம், அதற்கு விலை ஆயிரத்து நானூற்று எண்பது. சில நிறுவனங்கள் கட்டிய பகுதிக்கு இப்படிப் பின்தேதி வட்டி போடுவதில்லை. உங்கள் கார்டில் எப்படி என்பது, வாங்கும்போது தந்த விதிமுறைத் தாளில் வட்டி கணக்கிடும் முறை என்ற தலைப்பின்கீழ் ஓர் உதாரணக் கணக்கோடு இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டுமாவது படியுங்கள்.

இதற்கு அடுத்தது இன்னும் மோசம். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் ஒவ்வொன்றுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். மினிமம் கட்டிக்கொண்டே கார்டையும் தேய்ப்பவர்களின் பாக்கி ஏறுவதற்குக் காரணம் இதுதான். மாதம் ஐயாயிரம் கட்டுகிறேன், மூவாயிரத்துக்குத்தானே வாங்குகிறேன், இரண்டாயிரம் குறைய வேண்டுமே என்று அவர்கள் கணக்குப் போடுவார்கள். ஆனால் அந்த ஐயாயிரத்தில் அசலுக்குச் சேர்வது 2,150 மட்டுமே. அதற்கு எதிரே மூவாயிரமும் அதற்கான வட்டியும் ஏறி நிற்கும். நீங்கள் ஒரு வருஷமாகக் கார்டைத் தொடவில்லை என்பதால்தான் உங்கள் பாக்கி இறங்கியாவது இருக்கிறது. இதை முடிக்கும்வரை தொடவும் வேண்டாம். மாதச் சந்தா எதுவும் அந்தக் கார்டில் தானாகப் பிடித்தம் ஆகிறதா என்று பில்லின் வரிகளை ஒருமுறை பாருங்கள். கார்டைத் தேய்ப்பதை நிறுத்திய பலருக்கும் இப்படி ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கார்டில் ரொக்கம் எடுப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். அதற்குச் சலுகைக் காலமே கிடையாது, எடுத்ததற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

வட்டி நாள் கணக்கில் ஓடுவதால், பில் வந்த அன்றே கட்டும் உங்கள் பழக்கம் நல்லது. ஐயாயிரத்தைப் பதினைந்து நாள் முன்னதாகக் கட்டினால் 74 மிச்சம். பெரிய தொகை இல்லை, ஆனால் அதற்காக நீங்கள் எதையும் இழக்கவும் இல்லை. கையில் உபரியாக எப்போது பணம் வந்தாலும் பில்லுக்காகக் காத்திராமல் அன்றே கட்டிவிடலாம். மாதத்துக்கு ஒரு முறைதான் கட்ட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இப்போது உங்கள் சேமிப்பு. அதை எடுக்கலாம், ஆனால் முழுவதும் வேண்டாம். சேமிப்பில் கிடக்கும் பணத்துக்கு எந்த வங்கியும் மாதம் 3 சதவீதம் தரப்போவதில்லை. பக்கத்திலேயே மாதம் 3 சதவீதம் தின்னும் கடன் ஒன்றை வைத்துக்கொண்டு அந்த நாற்பதாயிரத்தைத் தொடாமல் வைப்பதற்கு மாதம் ஆயிரத்துக்கு மேல் செலவழிக்கிறீர்கள், அந்தச் செலவு எந்த வரியிலும் எழுதப்படவில்லை என்றாலும். அதே சமயம் கையில் ஒன்றுமே இல்லாமல் போனால், அடுத்த அவசரத்துக்கு நீங்கள் நீட்டப்போவது இதே கார்டைத்தான். வாங்கிய அன்றே வட்டி தொடங்கும் கார்டு அது என்பதை இப்போதுதான் பார்த்தோம். அதனால் 15,000ஐ வைத்துக்கொண்டு 25,000ஐ இந்த மாத பில்லுக்கே கட்டுங்கள்.

அப்படிச் செய்தால் நிற்பது 52,042. ஒரு மாத வட்டி சேர்ந்து அடுத்த பில் 53,603 ஆக வரும். அதிலிருந்து மாதம் 5,000 கட்டினால் பன்னிரண்டு மாதம் முழுத் தவணை, பதின்மூன்றாவது மாதம் 3,336. சேமிப்பிலிருந்து போட்ட 25,000ஐயும் சேர்த்தால் நீங்கள் கட்டும் மொத்தம் 88,336. சேமிப்பைத் தொடாமல் மாதம் ஐயாயிரம் மட்டும் கட்டினால் வரும் 1,00,764ஓடு ஒப்பிடுங்கள். 12,428 மிச்சம், ஏழு மாதமும் மிச்சம். அந்த 25,000ஐ சேமிப்பில் திரும்பச் சேர்ப்பதற்கு, கடன் முடிந்தபின் அதே ஐயாயிரத்தை ஐந்து மாதம் அங்கே திருப்பினால் போதும்.

25,000 கட்டியதும் அடுத்த பில்லில் மினிமம் தொகை சட்டென்று 2,680 ஆகச் சுருங்கும். ஒரு பெரிய தொகையைக் கட்டிவிட்டோம், இரண்டு மாதம் கொஞ்சம் மூச்சு விடலாமே என்று தோன்றும். சேமிப்பை உடைத்துக் கட்டியவர்களில் பலர் சறுக்கும் இடம் இது. அந்த 2,680ஐயே பிடித்துக்கொண்டால், கட்டிய 25,000 வெறுமனே உங்களைப் பழைய பாதையில் சில படிகள் முன்னே கொண்டுபோய் விட்டதாகத்தான் ஆகும். வேகம் அதே மந்தம்தான்.

உங்கள் நிலையில் இருப்பவரை வங்கியிலிருந்து அழைத்து, பாக்கியை இஎம்ஐயாக மாற்றித் தருகிறோம் என்பார்கள். எடுத்த எடுப்பில் மறுக்க வேண்டாம். கேட்க வேண்டியது ஒன்றே: எல்லாக் கட்டணமும் சேர்த்து, கடைசித் தவணை வரை நான் கட்டப்போகும் மொத்தம் எவ்வளவு? அந்த எண்ணை உங்கள் எண்ணோடு வைத்துப் பாருங்கள். 25,000 கட்டியபின் நிற்கும் 52,042க்குக் கார்டிலேயே இருந்தால் 63,336 ஆகிறது. குறையும் நிலுவைக்கு மாதம் 1.5 சதவீத வட்டியில் பன்னிரண்டு தவணையாக மாற்றித் தந்தால் மாதம் 4,771, மொத்தம் சுமார் 57,250. ஆறாயிரம் மிச்சம். செயலாக்கக் கட்டணம் அந்த ஆறாயிரத்தைத் தின்றுவிடாதவரை மாற்றிக்கொள்வதே நல்லது. அதோடு இஎம்ஐயில் தொகை சுருங்காது. உங்களால் பிடிக்க முடியாத ஒழுங்கை அது பிடித்துக்கொள்ளும்.

தொலைபேசியில் சொல்லும் விகிதத்தில் மட்டும் கவனம் வேண்டும். “மாதம் ஒரே ஒரு சதவீதம்தான் சார், ஃபிளாட்” என்றால், கடைசி மாதம் வரை முழு அசலுக்கும் வட்டி போடுகிறார்கள் என்று பொருள். பன்னிரண்டு தவணையில் அது குறையும் நிலுவைக் கணக்கில் மாதம் கிட்டத்தட்ட 1.8 சதவீதத்துக்குச் சமம். விகிதத்தை விட்டுவிட்டு மொத்தத் தொகையைக் கேளுங்கள் என்று சொல்வது இதனால்தான். மொத்தத்தில் ஃபிளாட்டும் ஒளிய முடியாது, கட்டணமும் ஒளிய முடியாது. இன்னொன்று: இஎம்ஐயாக மாற்றியபின், தவணை கட்டக் கட்டக் கார்டின் வரம்பு மெல்லத் திறந்துகொண்டே வரும். அந்த இடத்தை நிரப்பத் தொடங்கினால் இஎம்ஐயும் ஓடும், புதிய பாக்கியும் ஓடும். அப்படி இரண்டும் சேர்ந்து வந்த பில்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். வரம்பைக் குறைத்துத் தரும்படி நீங்களே எழுதிக் கேட்கலாம்; பெரும்பாலும் உடனே செய்துகொடுப்பார்கள்.

ஒருவேளை மாதம் ஐயாயிரம் முடியாது என்றால், முடிந்த தொகை எவ்வளவோ அதை நிலையாக வையுங்கள். ஆனால் அது மாத வட்டியைவிடத் தெளிவாக அதிகமாக இருக்க வேண்டும். 53,603க்கு வட்டி 1,500ஐ ஒட்டி வருகிறது என்றால் இரண்டாயிரம் கட்டுவது நின்ற இடத்திலேயே நிற்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். அதைவிடக் குறைவாகத்தான் முடியும் என்ற நிலை வந்தால், பாக்கி வைத்து அவர்கள் தேடிவருவதற்கு முன் நீங்களே வங்கிக்கு எழுத்தில் நிலைமையைத் தெரிவித்துத் தவணை மாற்றம் கேளுங்கள். ஒழுங்காகக் கட்டிவந்த உங்களைப் போன்றவர் கேட்கும்போது கிடைக்கும் நிபந்தனைகள், இரண்டு மாதம் தவறியபின் கேட்டால் கிடைப்பதில்லை.

கடைசித் தவணையைக் கட்டும் மாதத்தில் ஒரு சிறு விஷயம். பில்லில் உள்ள முழுத் தொகையையும் கட்டிவிட்டேன், அடுத்த மாதம் மறுபடியும் ஒரு சிறு வட்டி வந்திருக்கிறதே என்று பலர் பதறுவார்கள். பில் அச்சான நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடையே ஓடிய வட்டி அது. சிறு தொகைதானே என்று விட்டுவிட்டால் அதற்கே தாமதக் கட்டணம் விழலாம், கிரெடிட் பதிவிலும் ஏறலாம். அதனால் கடைசித் தொகையைக் கட்டப்போகும் நாளன்று வாடிக்கையாளர் சேவையை அழைத்து, “இன்று கட்டினால் கணக்கு பூஜ்யமாக எவ்வளவு?” என்று கேட்டு அதையே கட்டுங்கள். அடுத்த பில்லும் பூஜ்யம் என்று வந்த பிறகுதான் கார்டை வைத்துக்கொள்வதா, மூடுவதா என்ற யோசனைக்குப் போக வேண்டும். மூடுவதாக இருந்தால் பாக்கி இல்லை என்ற கடிதத்தை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.